வேலையில் விழுந்த இரண்டு வருட இடைவெளியை எங்கே, எப்போது, எவ்வளவு சொல்வது? நான்கு வழிகள்

2024 ஜூலையில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் தன் ரெஸ்யூமை அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, ரெண்டு வருஷம் அப்பாவைப் பாத்துக்கிட்டேன்னு போடவா, வேண்டாமா? போட்டா கூப்பிட மாட்டாங்கன்னு ஒருத்தன் சொல்றான். போடலைன்னா மாட்டிக்குவேன்னு இன்னொருத்தன் சொல்றான்."

அவன் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஐந்து வருடம் இருந்தவன். 2022 ஜூனில் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. வேலையை விட்டுவிட்டுக் கும்பகோணம் போனான். இரண்டு வருடம் கழித்து, சித்தப்பா குச்சி ஊன்றி வாசல் வரை நடக்கிற நிலைக்கு வந்ததும் திரும்பவும் வேலை தேட ஆரம்பித்தான்.

நான் ஆட்சேர்ப்புப் பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் கையில் இருக்கும் வழிகள் நான்குதான்: ரெஸ்யூமில் மறைப்பது, வேறு வேலை பார்த்ததாக மூடுவது, ஒரே வரியில் எழுதிவிடுவது, முழுக்கதையையும் சொல்வது. 'எழுத மாட்டேன், கேட்டால் சொல்வேன்' என்பது மூன்றாவது வழியின் கிளைதான், அதையும் அங்கேயே பார்ப்போம்.

(டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரி தேர்வு எழுதி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அங்கே இன்டர்வியூவே கிடையாது, வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இது தனியார் வேலைக்கு.)

## எதை வைத்து எடை போடுவது

'எது நேர்மை', 'எது சாமர்த்தியம்' என்று ஆரம்பித்தால் விவாதம் முடியவே முடியாது. நான் பார்ப்பது நான்கு விஷயங்களை.

முதலாவது, ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா. ஆஃபர் கொடுத்த பிறகு, சில இடங்களில் சேர்ந்த பிறகும்கூட, பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கின் பணி விவரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். யுஏஎன் எண் ஒன்று இருந்தால் போதும், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்பது அதில் வரிசையாக நிற்கும்.

இரண்டாவது, முதல் சல்லடையைத் தாண்டுமா. ஒரு பணியிடத்துக்கு வந்த ரெஸ்யூம்களை ஒரே மூச்சில் புரட்டும்போது ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் கண்ணுக்கு ஒரு புதிர் பட்டால், அதை விடுவிக்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது, அடுத்த கேள்வி எந்தப் பக்கம் திரும்பும். நீங்கள் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் வேலையைப் பற்றிக் கேட்கப்போகிறாரா, வீட்டைப் பற்றிக் கேட்கப்போகிறாரா? நான்கில் இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

நான்காவது, வீட்டு விஷயம் எவ்வளவு வெளியே போகிறது. நோய் உங்களுடையது இல்லை. அப்பாவுடையது, மாமியாருடையது, குழந்தையுடையது. அதை யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

இன்டர்வியூவில் இடைவெளியைப் பற்றிக் கேட்பவர் மனதில் உண்மையில் மூன்று சந்தேகம்தான் ஓடும். மறுபடியும் விட்டுவிட்டுப் போய்விடுவாரா? கை மறந்துபோயிருக்குமா? சொல்கிற காரணம் நிஜமா, இல்லை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களா? எந்த வழியை எடுத்தாலும் அது இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறதா என்று பாருங்கள்.

## வழி 1: மாதத்தை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போடுவது

பலர் முதலில் நினைப்பது இதைத்தான். 'ஜூன் 2022' என்று போடாமல் '2017 – 2022' என்று மட்டும் போடுவது. ஏழெட்டு மாத இடைவெளிக்கு இது வேலை செய்யும். 2022 பிப்ரவரியில் விட்டு அக்டோபரில் சேர்ந்தவருக்கு இரண்டு வரியும் 2022 என்றே ஒட்டி நிற்கும். யாருக்கும் தெரியாது, அதில் பெரிய தப்பும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு இது கணக்கிலேயே உதைக்கும். இருபத்து நான்கு மாதத்தை எந்த மாதத்தில் ஆரம்பித்து எண்ணினாலும், நடுவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு முழு வருடம் சிக்கிக்கொள்ளும். என் தம்பி விஷயத்தில் அது 2023. '2017 – 2022' என்று எழுதி 2024-இல் அனுப்பினால் 2023 எங்கே என்பது பளிச்சென்று தெரியும். இடைவெளியும் தெரிகிறது, அதை மறைக்கப் பார்த்ததும் தெரிகிறது. மூன்றாவது சந்தேகத்தை நாமே கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி.

இன்னும் ஒரு படி போய், விலகிய தேதியையே தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. பழைய கம்பெனியில் 2023 டிசம்பர் வரை இருந்ததாக. அது பிஎஃப் பணி விவரத்தில் மாட்டும். மாட்டும் நேரம்தான் மோசமானது: ஆஃபர் வந்து, மற்ற இரண்டு அழைப்புகளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்ட பிறகு. அப்போது ஆஃபரைத் திரும்பப் பெறுவார்கள். காரணமாக இடைவெளியைச் சொல்ல மாட்டார்கள், தவறான தகவல் என்பார்கள். இடைவெளியை மன்னிக்கத் தயாராக இருந்த எச்ஆர்கூட அந்த இடத்தில் உங்களுக்காகப் பேச முடியாது.

இந்த வழி சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. இடைவெளி முடிந்து, வேறு வேலையில் சேர்ந்து, நான்கைந்து வருடம் ஓடிவிட்டது என்றால் பழைய இடைவெளிக்கு விளக்கமே தேவையில்லை. தேதிகளைச் சரியாகப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். கேட்டால் மட்டும் சொல்லலாம்.

## வழி 2: 'ஃப்ரீலான்ஸ்', 'கன்சல்டன்ட்' என்று மூடுவது

இடைவெளி தெரியாமல் இருக்க அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு பதவியை ஒட்டுவது. உறவினர் ஒருவரின் கடை பெயரில் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்குவதும் இதில் சேர்த்தி.

முதல் சல்லடையை இது சுலபமாகத் தாண்டும், அதை மறுக்க முடியாது. செலவு பிறகு வரும். 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிய நொடியிலிருந்து அடுத்த கேள்வி அந்த வேலையைப் பற்றித்தான் இருக்கும். யாருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் அணி, எந்தக் கருவி, எவ்வளவு வாங்கினீர்கள். சரிபார்ப்பில் பில், வங்கி ஸ்டேட்மென்ட், வரிப் பிடித்தம் தெரிகிற படிவம் 26ஏஎஸ் ஆகியவற்றில் எதையாவது கேட்கலாம். செய்யாத வேலைக்கு இதில் ஒன்றும் இருக்காது. அதைவிடப் பெரிய செலவு இன்னொன்று. நாளெல்லாம் ஆளைப் புரட்டிப் படுக்க வைத்து, பிசியோதெரபிக்குக் கூட்டிப் போய், இரவில் தூங்காமல் இருந்த இரண்டு வருடத்தை இல்லை என்று சொல்லிவிட்டு, இல்லாத ஒன்றைப் பற்றி நாற்பது நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முகத்திலேயே தெரிந்துவிடும்.

நிஜமாகவே ஏதாவது செய்திருந்தால் கதை வேறு. என் பழைய சக ஊழியர் ஒருவர் மாமியாரைப் பார்த்துக்கொண்டே மாதக் கடைசியில் இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்துகொண்டிருந்தார். அவர் அதை அளவோடு எழுதினார்: 'குடும்பப் பராமரிப்பு, இடையே இரண்டு சிறு நிறுவனங்களுக்குப் பகுதிநேர ஜிஎஸ்டி தாக்கல், மாதம் சுமார் 20 மணி நேரம்.' அந்த '20 மணி நேரம்' என்பதுதான் அதை நம்ப வைத்தது. அதையே முழுநேர வேலை மாதிரி ஊதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே காற்று இறங்கியிருக்கும்.

இதன் தங்கை வழி ஒன்று இருக்கிறது. பராமரிப்பையே பதவியாக்கி 'வீட்டு மேலாண்மை இயக்குநர்' என்று போட்டு, கீழே 'பட்ஜெட், நேர மேலாண்மை, நெருக்கடி நிர்வாகம்' என்று புள்ளி வைத்து எழுதுவது. எழுதுகிறவருக்குத் தெம்பாக இருக்கும் என்பது புரிகிறது. ஆனால் படிக்கிறவர் சிரிப்பார், அல்லது நெளிவார். டெஸ்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர் டெஸ்டிங் தெரியுமா என்றுதான் பார்க்கிறார்.

## வழி 3: ஒரே வரி

ரெஸ்யூமில் வேலைகள் வரிசையாக இருக்கும் அதே இடத்தில், அதே எழுத்தளவில், தேதியோடு ஒரு வரி. என் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

ஜூலை 2022 – ஜூன் 2024: குடும்பப் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி (தந்தை). தற்போது முழுநேரப் பணிக்குத் தயார். உடனே சேர முடியும்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு சந்தேகத்துக்காக இருக்கிறது. தேதி, பிஎஃப் பதிவோடு ஒத்துப்போவதற்கு. 'தந்தை' என்ற ஒரு சொல், ஊகத்தை நிறுத்துவதற்கு. 'தயார்' என்பது, அது முடிந்த விஷயம் என்று காட்டுவதற்கு.

அந்த 'தந்தை'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலர் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதுகிறார்கள். அடக்கமாக இருப்பதாக நினைப்பு. படிப்பவர் அந்த வெற்றிடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார். ஆண் என்றால் 'வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்' என்று நினைப்பார். பெண் என்றால், கல்யாணமாகி இரண்டு வருடம் என்று பார்த்ததும், பிரசவம், அடுத்து இரண்டாவது குழந்தை என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். அது நியாயமில்லைதான், ஆனால் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. 'மாமியாரின் உடல்நிலை' என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தக் கணக்குக்கே இடமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டீர்கள் என்றால் 'குழந்தை பராமரிப்பு' என்றே போடுங்கள், அதை மழுப்புவதால் எதுவும் மிச்சமாகாது. யார் என்பதைச் சொல்லுங்கள், என்ன நோய் என்பதைச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த எல்லைக்கோடு அதுதான்.

லிங்க்ட்இன்னில் 2022 மார்ச்சிலிருந்து இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. புரொஃபைலில் `Add profile section` போய் `Add career break` எடுத்தால் 13 வகைகள் வரும். அதில் `Caregiving` இருக்கிறது, குழந்தைக்கு `Full-time parenting` தனியாக இருக்கிறது. சேமிக்கும் முன் `Notify network` அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்டர்வியூவில் இதே வரி மூன்று வாக்கியமாக விரியும். தம்பியை என் சமையலறையில் உட்கார வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை அவன் சொன்னது: "ஆக்சுவலா மேடம், அன்ஃபார்ச்சுனேட்லி எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துருச்சு, நான் ஒரே பையன், வேற வழி இல்ல, அதனால கேப் ஆயிடுச்சு, ஆனா நான் கத்துக்குவேன், கண்டிப்பா கேட்ச்-அப் பண்ணிருவேன்."

ஒவ்வொன்றாக வெட்டினோம். 'துரதிர்ஷ்டவசமாக' போச்சு. 'வேற வழி இல்ல' போச்சு. வழி இருந்தது, அவன்தான் இதைத் தேர்ந்தெடுத்தான். 'ஆயிடுச்சு' போச்சு, 'எடுத்தேன்' வந்தது. 'கத்துக்குவேன்' போச்சு, அந்த இடத்தில் ஏற்கெனவே கற்றுக்கொண்டது வந்தது. கடைசியில் நின்றது:

"2022 ஜூன்ல அப்பாவைப் பாத்துக்கறதுக்காக வேலையை விட்டேன், ரெண்டு வருஷம் கூட இருந்தேன். இப்ப வீட்ல அதுக்கு நிலையான ஏற்பாடு இருக்கு, முழுநேரம் வர முடியும். கடைசி ஆறு மாசத்துல செலினியம் டூல்ல இருந்த என் பழைய டெஸ்ட்டுகளை பிளேரைட் டூல்ல திரும்ப எழுதி கிட்ஹப் தளத்துல வெச்சிருக்கேன், அதைக் காட்டட்டுமா?"

முதல் வாக்கியம் நடந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவது வேலை. மூன்றாவது ஒரு கேள்வியில் முடிவதைக் கவனியுங்கள். கேட்பவருக்கு 'சரி, காட்டுங்க' என்று சொல்வதுதான் சுலபம், அப்பாவைப் பற்றிக் கேட்பதற்கு அவர் மெனக்கெட்டுத் திரும்பி வர வேண்டும். இதில் மறைந்திருக்கும் செலவு அந்த மூன்றாவது வாக்கியம்தான். அதில் போட ஏதாவது நிஜமாக இருக்க வேண்டும். தம்பிக்கு அந்த கிட்ஹப் வேலை முடிய ஏழு வாரம் ஆனது, ராத்திரி சித்தப்பா தூங்கின பிறகு. ஒன்றுமே இல்லையென்றால் மூன்றாவது வாக்கியத்தை வெறும் உறுதிமொழியால் நிரப்பாதீர்கள். விட்ட வேலையில் கடைசியாகச் செய்த நல்ல விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் சுற்றுக் கேள்விகள் வரத்தான் செய்யும், நம் ஊரில் யாரும் வீட்டைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவதில்லை. "இப்ப அப்பாவை யார் பாத்துக்கறாங்க?" என்றால், "வீட்ல ஏற்பாடு இருக்கு சார், வேலை நேரத்துல குறுக்க வராது." அம்மா, பகலுக்கு வரும் ஆயா, பக்கத்துத் தெரு அத்தை என்று பட்டியல் போட வேண்டாம். பட்டியல் போட்டால் ஒவ்வொருவரும் ஒரு புதுக் கேள்வி. "என்ன ப்ராப்ளம் அவருக்கு?" என்றால், "சிகிச்சை முடிஞ்சு இப்ப நல்லா இருக்கார் சார், கேட்டதுக்கு நன்றி." இதை நன்றியோடு முடித்துவிட்டு ஒரு நொடி பேசாமல் இருந்தால், அடுத்த கேள்விக்கு அவரே போய்விடுவார்.

பார்த்துக்கொண்டவர் இறந்துபோயிருந்தால் கொஞ்சம் கடினம். 'அப்பா போயிட்டார்' என்று சொன்னதும் அறை அமைதியாகும். எதிரில் இருப்பவர் என்ன சொல்வதென்று தெரியாமல் தவிப்பார், உங்களுக்கும் தொண்டை அடைக்கும், அதற்கப்புறம் எஸ்கியூஎல் கேள்விக்கு யார் பதில் சொல்வது? 'அந்தப் பொறுப்பு இப்போது முடிந்தது' என்பது பொய்யும் இல்லை, அங்கே தேவையானதும் அவ்வளவுதான்.

இந்த வழியின் கிளைதான் 'ரெஸ்யூமில் எழுதாமல், கேட்டால் சொல்வது'. தெரிந்தவர் சிபாரிசில் போகிறீர்கள், அல்லது நேரே போய்ப் பார்க்கிற சிறிய நிறுவனம் என்றால் இதுவே போதும், உங்கள் ரெஸ்யூமை யாரும் சலிக்கப்போவதில்லை. ஆன்லைனில் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். கேட்பதற்கான சந்தர்ப்பமே வராமல் போகும்.

## வழி 4: முழுக்கதை

இதைச் செய்கிறவர்கள் நல்லவர்கள், அதனால்தான் எழுத வருத்தமாக இருக்கிறது. சில வருடத்துக்கு முன்பு ஓர் இன்டர்வியூ குழுவில் இருந்தேன். வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், வேலையில் கெட்டி. இடைவெளியைப் பற்றிக் கேட்டதும் அம்மாவின் டயாலிசிஸில் ஆரம்பித்தார். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், அண்ணன் உதவிக்கு வரவில்லை, நகையை அடகு வைத்தது, கடைசியில் ஐசியூ. பத்து நிமிடத்துக்கு மேல் போனது. குழுவில் ஒருவர் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் போன பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்: "பாவம்ங்க. ஆனா இப்ப வேலை பாக்கற மனநிலையில இருக்காரா?" அவருடைய வேலையைப் பற்றிக் கேட்க மிச்சமிருந்தது பதினைந்து நிமிடம். அவர் தேர்வாகவில்லை.

எங்கள் மேல் அவருக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயம்தான். ஆனால் அங்கே யாரும் ஈவிரக்கமில்லாமல் நடக்கவில்லை. பரிதாபம் வந்துவிட்டது, பரிதாபத்தோடு ஆள் எடுக்கத் தெரியவில்லை, அவ்வளவே. இன்னொன்று, அண்ணன் வரவில்லை என்பதும் நகை அடகும் இப்போது முன்பின் தெரியாத நான்கு பேருக்குத் தெரியும்.

ஆனாலும் கூடுதலாகச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு: பராமரிப்பு இன்னும் தொடர்கிறது என்றால். அங்கே 'நிலையான ஏற்பாடு இருக்கிறது' என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து, மூன்றாவது வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் அரை நாள் விடுப்பு கேட்டால், ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் நோயைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று வரை எனக்கு ஒரு குடும்பப் பொறுப்பு இருக்கிறது, அந்த மணி நேரத்தை மாலையில் ஈடுகட்டுவேன்." சொல்ல வேண்டிய நேரமும் முக்கியம். முதல் போன் அழைப்பில் சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். ஆஃபரில் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னால் நம்பிக்கை போகும். உங்களை எடுப்பது என்று முடிவாகி, சம்பளம் பேச உட்காரும் இடம்தான் இதற்குச் சரி. பழைய மேலாளரிடமே திரும்பிப் போகிறீர்கள் என்றாலும் மனம்விட்டுப் பேசலாம், அவருக்கு உங்கள் வேலை ஏற்கெனவே தெரியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வருடம் மட்டும் | வேறு வேலை என்று மூடுவது | ஒரே வரி | முழுக்கதை |
|---|---|---|---|---|
| ஆவணச் சரிபார்ப்பு | தேதியை மாற்றாதவரை நிற்கும் | நிஜ வேலை இல்லையென்றால் விழும் | நிற்கும் | நிற்கும் |
| முதல் சல்லடை | ஒரு முழு வருடம் காணாமல் தெரியும் | தாண்டும் | பெரும்பாலும் தாண்டும் | நீளத்தால் அடிபடும் |
| அடுத்த கேள்வி | ஏன் மறைத்தீர்கள்? | இல்லாத வேலை பற்றி | உங்கள் வேலை பற்றி | உங்கள் வீடு பற்றி |
| வெளியே போவது | ஒன்றுமில்லை | ஒன்றுமில்லை | யார் என்பது மட்டும் | எல்லாமே |
| பொருந்தும் இடம் | பழைய இடைவெளி | அளவோடு செய்த பகுதிநேர வேலை | ஆன்லைன் விண்ணப்பம், பெரிய நிறுவனம் | பழைய மேலாளர். பராமரிப்பு தொடர்ந்தால் நேரம் மட்டும் |

'பெரும்பாலும்' என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சில இடங்களில் இடைவெளி என்ற சொல்லைப் பார்த்ததுமே ஒதுக்குகிறார்கள். அங்கே மறைத்து உள்ளே போனாலும் சரிபார்ப்பில் அதே கதவில்தான் நிற்க வேண்டும்.

## மன்னிப்பு சம்பளத்தில் ஒளிந்திருக்கும்

இடைவெளிக்காக வாயால் மன்னிப்புக் கேட்காதவர்கள்கூட இந்த இடத்தில் கேட்டுவிடுகிறார்கள். எச்ஆர் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டதும், "கேப் இருக்கறதால நீங்க பாத்து எவ்வளவு குடுத்தாலும் ஓகே" என்பது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: அந்த வாக்கியத்தைக் கேட்டதும் தாளில் ஒரு எண் குறையும்.

தம்பியின் கடைசிச் சம்பளம் வருடத்துக்கு 6.8 லட்சம், அது 2022 கணக்கு. போனில் பேசிய பெண் அதையே திரும்பக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவன் சொல்ல வேண்டியது என்று நாங்கள் எழுதி வைத்திருந்தது: "அது 2022-ல வாங்கினதுங்க. இந்த வேலைக்கு இப்ப நீங்க வெச்சிருக்கற ரேஞ்ச் என்னன்னு சொன்னா, அதுக்குள்ள பேசலாம்." பழைய எண்ணை மறைக்க வேண்டியதில்லை, சம்பளச் சீட்டு எப்படியும் கேட்பார்கள். எந்த வருடத்து எண் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். கூடவே அவனிடம் இருந்த ஒரு துருப்புச் சீட்டையும் போட்டான்: மற்றவர்கள் தொண்ணூறு நாள் நோட்டீஸில் இருக்கும்போது அவன் திங்கட்கிழமையே சேர முடியும். ஆள் அவசரமாகத் தேவைப்படுகிற குழுவுக்கு அது பணம். கடைசியில் 7.9-க்கு முடிந்தது. இடைவெளியே இல்லாத அவன் பழைய நண்பர்கள் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள். அந்த வித்தியாசத்தை எந்த வாக்கியத்தாலும் சரிக்கட்ட முடியாது.

## கடைசிப் படி: படிவங்கள்

ஆஃபருக்குப் பிறகு வந்த சரிபார்ப்புப் படிவத்தில் 'இடைவெளி: முதல், வரை, காரணம்' என்று மூன்று கட்டங்கள். ரெஸ்யூமில் இருந்த அதே தேதி, அதே சொற்கள். ஓர் இடத்தில் 'தந்தை பராமரிப்பு', இன்னோர் இடத்தில் 'உயர்கல்வி முயற்சி' என்று எழுதிவிட்டுத் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவன் பிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தபோது ஒரு சிக்கல் இருந்தது. பழைய கம்பெனி விலகிய தேதியையே பதியவில்லை. அப்படியே விட்டால் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிற மாதிரி தெரியும். உறுப்பினர் தளத்தில் `Manage` கீழே `Mark Exit` போய், ஆதார் ஓடிபி கொடுத்து நாமே பதியலாம். கடைசி மாதத் தொகை கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். பதிந்தபின் திருத்த அலைய வேண்டாம், அதனால் ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியைப் போடுங்கள். இதை வேலை தேட ஆரம்பிக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

சில நிறுவனங்கள் இடைவெளிக்கு நோட்டரி கையெழுத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம் கேட்கும். அவனிடமும் கேட்டார்கள். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் டைப் அடித்துக் கொடுப்பவர், பழக்கத்தில், "என் தந்தையார் கடுமையான பக்கவாத நோயினால் பாதிக்கப்பட்டு படுத்த படுக்கையாகி" என்று ஆரம்பித்துவிட்டார். தம்பி நிறுத்தச் சொல்லி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தந்தையின் பராமரிப்புக்காக எங்கும் பணிபுரியவில்லை என்று மட்டும் அடிக்கச் சொன்னான்.

"அவ்வளவுதானா தம்பி? பாதிப் பக்கம்கூட வரலையே" என்றாராம் அவர். காசு முழுப் பக்கத்துக்குத்தான் வாங்கிக்கொண்டார்.

எச்ஆர் ஒரு மெயிலில் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார். அதில் சித்தப்பாவின் சர்க்கரை அளவு, அவர் குடித்த வருடங்கள் எல்லாம் இருந்தது. "அது அப்பாவின் மருத்துவ ஆவணம், பிரமாணப் பத்திரம் இணைத்திருக்கிறேன்" என்று பதில் போட்டான். அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.